நோவை மறைக்காத சின்ன வசனங்கள்

கேள்வி: "நாலு வருசமா நாரி நோ. ஸ்கேன் எடுத்தாச்சு, ஒப்பரேசன் தேவையில்லை எண்டு டொக்டர் சொல்லிட்டார். காலமையில கண்ணாடிக்கு முன்னால நிண்டு 'எனக்கு நோ இல்லை, நான் சுகமா இருக்கிறன்' எண்டு சொல்லச் சொல்லி தங்கச்சி சொல்லித் தந்தா. சொன்னா அழுகைதான் வருது. நோவை இல்லையெண்டு சொல்லாத சின்ன வசனங்கள் இருக்கா? எப்பிடிச் சொல்லுறது?" (உப்புவெளி, திருகோணமலை)

இருக்கின்றன அக்கா. நான் திருகோணமலையில் பல வருடங்களாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். மனநல மருத்துவர் இல்லை. நாரி நோ, முழங்கால் நோ, தோள் நோ என்று மாதக்கணக்காக வந்துபோகிறவர்களுடன் பழகிய அனுபவமும், இந்த விடயத்தில் படித்ததும்தான் என் கையில் இருக்கின்றன. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், அந்தக் கண்ணாடி வசனத்தைச் சொன்னால் அழுகை வருவது உங்கள் மனப் பலவீனம் இல்லை. பொருந்தாத வசனத்தை வாய் சொல்லும்போது உள்ளே ஒரு குரல் உடனே எதிர்த்துப் பேசும். "சுகமா இருக்கிறன்" என்று வாய் சொல்ல, "பொய், நேற்று இரவு புரண்டு படுக்கக்கூட ஏலாமல் கிடந்தாய்" என்று அது சொல்லும். ஒவ்வொரு தரம் வசனத்தைச் சொல்லும்போதும் அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள். அழுகிற பிள்ளையிடம் "நீ அழவில்லை" என்று சொல்லிப் பாருங்கள், இன்னும் சத்தமாக அழும். கனடாவில் ஜோன் வூட் என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. "நான் அன்புக்குரியவள்" என்பது போன்ற வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, ஏற்கெனவே தங்களைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தங்களைத் தாழ்வாக நினைத்தவர்களுக்கு, சொல்லாமல் இருந்ததைவிட மனநிலை மோசமானது. யாருக்குத் தேவையோ அவருக்கே அது கெடுதல் செய்தது.

நோவைப் பற்றியே 1993இல் வந்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. சியோஃபி, ஹோலோவே என்ற இருவர் செய்தது. ஐஸ் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லி, சிலரை வேறு இடத்தை நினைக்கச் சொன்னார்கள், சிலரைக் கையில் என்ன உணர்கிறீர்கள் என்று கவனிக்கச் சொன்னார்கள், சிலரை அந்த உணர்வை மனதிலிருந்து அழுத்தி விலக்கச் சொன்னார்கள். கையை வெளியே எடுத்த பிறகு நோ தணிய அதிக நேரம் பிடித்தது அழுத்தி விலக்கியவர்களுக்குத்தான். கவனித்தவர்களுக்கு விரைவாகத் தணிந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது சில நிமிட நோ. உங்களுடையது நாலு வருட நோ. அதனால் அந்த முடிவை அப்படியே உங்கள் நாரிக்குத் தூக்கி வைக்க மாட்டேன். ஆனால் "இல்லை" என்று அழுத்துவது நோவைக் குறைக்கும் வழி இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கிளினிக்கில் பார்ப்பதும் அதனோடு ஒத்துப்போகிறது.

அப்போ உண்மையான வசனம் நோவைக் குறைக்குமா? இதில் நேராகச் சொல்லிவிடுகிறேன்: வசனம் மட்டும் நோவைக் குறைக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. அது வேலை செய்யும் இடம் வேறு. நீண்ட நாள் நோவில், நோ வந்ததற்கும் நீங்கள் அடுத்துச் செய்வதற்கும் நடுவில் சில விநாடிகள் இருக்கும். அந்த நேரத்தில் மூச்சு நின்றுவிடும், வயிறும் நாரியும் இறுகும், மனம் ஓடத் தொடங்கும். "இது நிக்கவே நிக்காது", "இனி நடக்க ஏலாமல் போயிடுமோ", "என்னால ஒண்டும் செய்ய ஏலாது." சலிவன் என்ற உளவியலாளர் 1995இல் இதை அளக்க 13 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் செய்தார். நோவையே திரும்பத் திரும்ப நினைப்பது, அதைப் பெரிதாக்கிப் பார்ப்பது, கையாலாகாமல் உணர்வது என்ற மூன்றையும் அது தனித்தனியாகப் பார்க்கும். இவை அதிகம் உள்ளவர்களுக்கு நோவும் அதிகம், நடமாட்டமும் குறைவு என்பது பல இடங்களில் கண்டது. நல்ல வசனம் அந்தச் சில விநாடிகளில் மனம் ஓடுவதற்கு முன்னால் புகுந்து, உடம்புக்கு ஒரு சின்ன வேலையைக் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அந்த உதவி சின்னதில்லை.

செய்யும் விதம் இது. வசனத்துக்கு இரண்டு பாதி. முதல் பாதியில் நோவை உள்ளபடி சொல்லுங்கள்: எங்கே, எப்படி. "நாரி இறுகியிருக்கு", "வலது கால் உளையுது." "கொடுமையான", "தாங்க ஏலாத" என்ற சொற்கள் வேண்டாம், "கொஞ்சம்தான்" என்ற சொல்லும் வேண்டாம். இரண்டாவது பாதி, அடுத்த சில நிமிடங்களில் உங்கள் கையோ காலோ செய்யப்போவது. "ஒரு பக்கம் திரும்புறன்", "கதிரையில இருந்துகொண்டு மரக்கறி நறுக்குறன்." நாளைக்கு என்ன நடக்கும் என்பதை வசனத்துக்குள் விடாதீர்கள். "நாளைக்குக் குறையும்" என்பது வாக்குறுதி. குறையாவிட்டால் வசனத்தின் மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். முழு வசனமும் ஒரு மூச்சை வெளியே விடும் நேரத்துக்குள் முடிய வேண்டும், அப்படி முடிந்தால்தான் நிறுத்தி வைத்த மூச்சும் வெளியே வரும். வீட்டில் பேசுகிற பேச்சில்தான் சொல்ல வேண்டும். "என் இடுப்பில் வலி இருப்பதை ஏற்றுக்கொள்கிறேன்" என்று புத்தகப் பாணியில் சொன்னால் நோகிற நேரத்தில் வாயில் வராது.

வசனத்தை எப்போது சோதிப்பது? நோ குறைந்திருக்கும் பின்னேரத்தில் எந்த வசனமும் நன்றாகத்தான் இருக்கும். நாளில் உங்களுக்கு ஆகக் கூட நோகிற நேரத்தில் அதைச் சொல்லிப் பாருங்கள். உள்ளே இருக்கிற குரல் "பொய்" என்று சொல்லாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். சொன்னால் வசனத்தை மாற்றுங்கள், உங்களை மாற்ற முயலாதீர்கள். "இது போயிடும்" என்ற வசனம் பலருக்குப் பிடிக்கும். நோ முழுவதும் போயிடும் என்ற அர்த்தத்தில் அது உங்களுக்குப் பொய். ஆனால் நோ திடீரென்று ஏறி, பிறகு பழைய மட்டத்துக்கு இறங்குவது உங்கள் உடம்பில் பலமுறை நடந்திருந்தால், "இந்த ஏத்தம் முந்தியும் இறங்கினது" என்று சொல்லலாம். அது நடந்து முடிந்த விடயம், அதனால் பொய்யாகாது.

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். விடிய இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். அவருக்கும் பல வருட நாரி நோ. பரிசோதித்ததில் ஆபத்தான எதுவும் இல்லை. உங்களைப் போலவே அவரும் ஒரு வசனத்தோடுதான் வந்தார்: "இண்டைக்கு நோ வராது." நாலு மணிக்கு எழும்பும்போதே அது உடைந்துவிடும், பிறகு அன்று முழுக்க "என்ர மனசு சரியில்லை, அதுதான் வசனமும் வேலை செய்யேல்லை" என்ற குற்றவுணர்வு. அவரிடம் முதலில் வசனம் எதுவும் கொடுக்கவில்லை. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், எந்த நேரத்தில், என்ன செய்யும்போது கூட நோகிறது என்று மட்டும் ஒரு கிழமைக்கு எழுதச் சொன்னேன். மூன்று நேரங்கள் வந்தன. படுக்கையிலிருந்து எழும்பும்போது. இடியப்ப உரலை இரண்டு கையாலும் அழுத்திப் பிழியும்போது. மத்தியானம் படுத்த பிறகு.

எழும்பும்போது அவர் நேரே முன்னால் வளைந்து எழும்பிக்கொண்டிருந்தார். அதைவிட, ஒரு பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்புவது நாரிக்குச் சுகம். அவருடைய வசனம் இப்படி வந்தது: "நாரி இறுகிக் கிடக்கு. முதல்ல பக்கம் திரும்புறன்." அதைச் சொல்லிக்கொண்டே திரும்புவார். வசனமும் அசைவும் ஒன்றாகப் பழகிவிட்டதால் இரண்டில் ஒன்று மறந்தால் மற்றது ஞாபகப்படுத்தும்.

பிழியும் நேரம்தான் கடினமாக இருந்தது. அவர் மனதில் ஓடியது "எப்பிடியாவது முடிச்சிட்டுப் போய்ப் படுப்பம்" என்பது. அதனால் நிற்காமல் அழுத்தி முடிப்பார், மத்தியானத்துக்குப் பிறகு எழும்ப ஏலாது, அடுத்த நாள் பாதி வேலை, அதற்கடுத்த நாள் விட்டதையும் சேர்த்துப் பிடிக்க ஓட்டம். நீண்ட நாள் நோ உள்ளவர்களில் இந்த ஏற்ற இறக்கம் அடிக்கடி காண்பது. எத்தனை தட்டு பிழிந்த பிறகு நோ ஏறத் தொடங்குகிறது என்று பார்க்கச் சொன்னேன். முப்பதுக்குக் கிட்ட என்றார். அப்படியானால் இருபதில் நிற்க வேண்டும், நோ ஏறினாலும் ஏறாவிட்டாலும். நிற்பதென்றால் உரலை வைத்துவிட்டு நிமிர்ந்து, அடுப்படியில் நாலடி நடந்து, திரும்பி வருவது. வசனம்: "நோகுது. இருபது தட்டு, பிறகு நிமிருவன்." மத்தியானத்துக்கு வேறு மாதிரி வசனம் தேவைப்பட்டது, ஏனென்றால் அங்கே நோவைவிடக் குற்றவுணர்வுதான் பெரிதாக இருந்தது. வீட்டில் மற்றவர்கள் வேலை செய்ய நான் படுத்திருக்கிறேனே என்று. "நோ போகாட்டிலும் அரை மணித்தியாலம் படுப்பன்" என்று வைத்துக்கொண்டார். நோ போக வேண்டும் என்ற நிபந்தனை இல்லாத ஓய்வு அது.

சில கிழமைகளுக்குப் பிறகு பத்துக்கு எத்தனை என்று கேட்டபோது நோவின் எண் ஏறக்குறைய அதேதான். ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு முழுக்கப் படுக்கையில் போகும் நாட்கள் குறைந்திருந்தன, பனடோலும் முன்பைப் போல எடுக்கவில்லை. இதில் எவ்வளவு வசனத்தால், எவ்வளவு இருபது தட்டில் நின்றதால் என்று பிரிக்க எனக்கு வழியில்லை. என் கணிப்பு, நின்றதுதான் அதிகம் செய்தது. வசனம் அந்த நேரத்தில் நிற்க வைத்தது.

அவருக்கே இரண்டு இடத்தில் பிசகியது. அந்தப் பிசகு உங்களுக்கும் வரலாம், அதனால் சொல்கிறேன். ஒரு மாதம் போல ஆனதும் வசனத்தை வேகமாக, மந்திரம் போலச் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடித்தவுடன் நாரியில் கவனம் போகும்: குறைஞ்சுதா? இதுதான் அடையாளம். சொன்னவுடன் நோ குறைந்ததா என்று தேடிப் பார்க்கிறீர்கள் என்றால் வசனம் மறுபடியும் நோவைத் துரத்தும் கருவியாகிவிட்டது. அப்போது சொற்களை மாற்ற வேண்டும், அல்லது சில நாள் வசனத்தை விட்டுவிட்டு அந்தச் செயலை மட்டும் செய்ய வேண்டும். மற்றது, நல்ல நாள் ஒன்றில் "நோ இருந்தாலும் நான் விடமாட்டன்" என்று சொல்லிக்கொண்டு நிற்காமலே எல்லாவற்றையும் பிழிந்து முடித்தார். அது நோவை மறுக்காத வசனம் மாதிரித்தான் கேட்கும். உண்மையில் அது உடம்போடு போட்டி போடுகிற வசனம். இரண்டு நாள் படுக்கையில் கிடந்தார். வசனத்தின் இரண்டாவது பாதியில் எங்கே நிற்பது என்பது இல்லாவிட்டால் எனக்குப் பயம்தான்.

இரவில் நோ ஏறும்போது சிலர் தங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவார்கள், தங்கச்சிக்குச் சொல்வது போல: "இது தெரிஞ்ச நோதான் பிள்ளை. மூச்சை விடு, தலகணியை முழங்காலுக்கு நடுவில வை." மனப் பதற்றத்தில் இப்படித் தன்னைப் பெயர் சொல்லிப் பேசுவது உதவும் என்று ஆய்வுகள் உண்டு. நாள்பட்ட நோவுக்கும் அது பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் செய்து பார்ப்பதில் நட்டம் இல்லை.

"தெரிஞ்ச நோ" என்ற சொற்களைப் பற்றி மட்டும் கவனமாக இருங்கள். நாள்பட்ட நோ என்று சொல்வது 3 மாதத்துக்கு மேல் நீடிப்பதை அல்லது திரும்பத் திரும்ப வருவதை. காயம் ஆறின பிறகும் நரம்புத் தொகுதி எச்சரிக்கையாகவே இருந்து நோவைத் தரலாம். அந்த நோவும் முழு உண்மையான நோதான். நோ பற்றிய சர்வதேச ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரைவிலக்கணத்திலும், உடம்பில் சேதம் இருந்தால் வருகிற அனுபவம் மட்டுமில்லை, அதைப் போன்ற அனுபவமும் நோதான் என்ற கருத்து வருகிறது. அதனால் உங்களைப் போல டொக்டர் பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்ன நாரிக்கு "நோகுது, ஆனா இப்ப ஒண்டும் உடையேல்லை" என்பது நேர்மையான வசனம். முடக்குவாதத்தால் மூட்டு வீங்கியவருக்கோ புற்றுநோய் உள்ளவருக்கோ இதைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, அங்கே உள்ளே ஏதோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களுக்கு "மூட்டு வீங்கியிருக்கு. மருந்து எடுத்திட்டன், இண்டைக்கு அரை வேலை" என்பது போன்றவைதான் பொருந்தும். உங்களுக்கும் சில மாற்றங்கள் வந்தால் எந்த வசனமும் வேண்டாம். சிறுநீர் போக ஏலாமல் அல்லது கட்டுப்படுத்த ஏலாமல் போவது, மலம் தெரியாமல் போவது, இரண்டு தொடைக்கும் நடுவில் விறைப்பு, கால் பலம் குறைந்து இழுபடுவது என்றால் அதே நாளில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள். காய்ச்சலோடு நாரி நோ, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, விழுந்த பிறகு வந்த புது நோ என்றாலும் டொக்டரிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

மற்றவர்களுக்குச் சொல்ல ஒரு வசனம் வைத்திருப்பதும் நல்லது. எங்கள் ஊரில் "இன்னும் சுகமில்லையோ?" என்று கேட்காதவர் யார்? கோணேசர் கோயிலுக்கு எல்லோரும் போகிற நாளில் கோட்டை வாசலிலிருந்து அந்த மேட்டுப் பாதை முழுக்க நடக்க ஏலாது என்று விளங்கப்படுத்தியே களைத்துவிடுவோம். "நோ இருக்கு மாமி. பாதி வழி நடந்து, இருந்திட்டு வாறன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் கதை அதோடு முடியும். சொல்லச் சொல்ல உங்களுக்கும் அது சாதாரணமாகிவிடும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளித்தால் போகும் என்பார்கள். சூட்டுக்கு இறுக்கம் கொஞ்சம் தளரும், அதனால் போய்க் குளிக்கலாம். நோ போயிடும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். கும்பிடுகிறவர் என்றால் பிரார்த்தனையை நிறுத்தத் தேவையில்லை. கடவுளிடம் சுகம் கேட்பது வேறு, சுகமாகிவிட்டேன் என்று உங்களுக்கே சொல்வது வேறு.

நீங்கள் தொடங்குவதற்கு: கண்ணாடிக்கு முன்னால் நிற்பதை இன்றோடு விடுங்கள். ஒரு கிழமை எழுதிப் பார்த்து, ஒரே ஒரு நேரத்தை மட்டும் எடுங்கள், பெரும்பாலும் எழும்பும் நேரம் இலகு. அதற்கு ஒரே ஒரு வசனம். அதை ஒரு நாளில் பத்து இருபது தரம் சொல்லத் தேவையில்லை, அந்த நேரம் வரும்போது மட்டும் சொன்னால் போதும். இரண்டு கிழமைக்குப் பிறகு நோவின் எண்ணைப் பார்க்காமல், எழும்பியதிலிருந்து முதல் தேத்தண்ணி போடும் வரை எப்படிப் போகிறது என்று பாருங்கள். அதில் மாற்றம் இல்லாவிட்டால் வசனம் உங்களுக்குப் பொருந்தவில்லை, வேறு எழுதலாம், அல்லது இந்த வழியையே விட்டுவிட்டு நடையும் பயிற்சியும் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் வசனம் ஒத்துவருவதில்லை.

நாலு வருடம் நோவோடு இருப்பவருக்கு மனம் சோர்ந்துபோவது சாதாரணம். அந்த அழுகை கண்ணாடிக்கு முன்னால் மட்டுமில்லாமல் நாள் முழுக்க வருகிறது என்றாலோ, நித்திரையும் சாப்பாடும் குறைந்து, இருந்து என்ன பிரயோசனம் என்ற எண்ணம் வருகிறது என்றாலோ, அதற்கு வசனம் மருந்தில்லை. கிளினிக்கில் டொக்டரிடம் அதையும் நாரி நோவைச் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், எந்த நேரமும் எடுத்துப் பேசலாம்.

தங்கச்சியோடு கோபிக்க வேண்டாம். உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் அவர் அந்த வசனத்தைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த முறை வரும்போது, ஒரு கிழமை எழுதிய கொப்பியை அவரிடம் கொடுத்து, எந்த நேரம் கூட நோகிறது என்று உங்களோடு இருந்து பார்க்கச் சொல்லுங்கள். வசனத்தை மட்டும் நீங்களே எழுதுங்கள்.